‘சேர்’ என்றுதான் தொடங்கினேன், அப்புறம் எப்படி அது சண்டையானது?

வாவிக்கரையான் எழுதியது:

மட்டக்களப்பில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கள இணைப்பாளராக இருக்கிறேன். பெயர் வேண்டாம். எனக்குக் கீழே மூன்று கள உத்தியோகத்தர்கள். கிரான் பக்கமும் வெல்லாவெளிப் பக்கமும் 240 வீடுகளில் வாழ்வாதாரக் கணக்கெடுப்பு. நவம்பர் 10 திங்கட்கிழமை தொடங்கி, 28 வெள்ளிக்கு அறிக்கை கொடுக்க வேண்டும் என்பதுதான் முதலில் இருந்த திட்டம்.

செவ்வாய் மாலை மீட்டிங்கில் எங்கள் மேலாளர், “டோனர் முன்னுக்குக் கேட்கினம், 28 இல்ல, 21. முடியும்தானே?” என்று கேட்டார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் “பார்க்கிறம் சேர்” என்றேன். மீட்டிங் முடிந்தது.

வியாழன் அடைமழை. புலிபாய்ந்தகல் வீதியில் தண்ணீர் ஏறிவிட்டது என்று பொடியன்கள் திரும்பி வந்தார்கள். வெல்லாவெளிப் பக்கமும் அதே கதை. ஒரு நாள் முழுக்கப் போய்விட்டது. வெள்ளி இரவு 9.40க்கு, கொழும்பு ஆட்களும் இருக்கிற 14 பேர் வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி எழுதினேன்:

“சேர், நீங்கள் எப்பவும் கொழும்புக்கு நல்ல பிள்ளையாக இருக்கத்தான் பார்க்கிறீர்கள். ஏசி அறையில் இருந்து திகதி மாற்றுவது சுகம். நாங்கள் மெசின் இல்லை. 21க்கு அறிக்கை வராது. வேணுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.”

அவர் பதில் ஒரே வரி: “திங்கள் காலை 9 மணிக்கு என்னைச் சந்திக்கவும்.”

என் கேள்வி இதுதான். ஒரு கெட்ட வார்த்தை இல்லை. ‘சேர்’ என்றுதான் தொடங்கியிருக்கிறேன். சொன்னது எல்லாம் உண்மை. போன மார்ச்சில் தலைமை அலுவலகமே எங்களை உட்கார வைத்து ‘அசேர்ட்டிவ்’ ஆகப் பேசுங்கள், மனதில் உள்ளதை நேரே சொல்லுங்கள் என்று ஒரு நாள் பயிற்சி தந்தது. இப்போது நேரே சொன்னால் ‘அக்ரெசிவ்’ என்கிறார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? மேலே இருப்பவருக்குப் பிடித்தால் அது, பிடிக்காவிட்டால் இதுவா?

---

நெல்மணி எழுதியது:

தம்பி, பயிற்சியில் முக்கியமானதை மறந்துவிட்டீர். ‘நீங்கள்’ என்று தொடங்கக் கூடாது, ‘நான்’ என்று தொடங்க வேண்டும். ‘நான் உணர்கிறேன்’ என்று போட்டால் எதையும் சொல்லலாம். உதாரணமாக, “சேர், நீங்கள் எங்களைப் பற்றி யோசிப்பதில்லை என்று நான் உணர்கிறேன்.” இப்படி எழுதியிருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. குரலும் முக்கியம். மெல்லப் பேச வேண்டும்.

---

அக்கரைப்பற்றுத் தையற்காரன் எழுதியது:

எனக்கு ஆபீஸ் வேலை பற்றித் தெரியாது. ஆனால் திகதிச் சண்டை என்றால் அது என் கடையில்தான் தினமும். பெருநாளுக்குப் பத்து நாள் இருக்கத் துணி கொண்டு வந்து, “காக்கா, நாலு நாளையில வேணும்” என்பார்கள். முன்பெல்லாம் ஓம் என்று வாங்கிப் போட்டுவிட்டு, கடைசி நாளில் ஏச்சுக் கேட்டுத் திருப்பி ஏசுவேன். இப்போது துணியைக் கையில் வாங்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: “எனக்கு முன்னால 18 உடுப்பு இருக்கு. ஒரு நாளைக்கு மூணுதான் வெட்டித் தைப்பேன். உங்கட துணி ஏழாம் நாள். அதுக்கு முந்தி வேணுமெண்டால் பக்கத்துக் கடையில கேட்டுப் பாருங்க, நான் கோவிக்க மாட்டேன்.” பாதிப் பேர் துணியை வைத்துவிட்டுப் போகிறார்கள். மற்றப் பாதி போய்விடுகிறார்கள், அதுவும் நல்லதே. உங்கள் மேலாளரும் ஒரு வாடிக்கைக்காரர் மாதிரித்தானே? அட்வான்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள் என்றும் சொல்லலாம், உங்களுக்கு அது பொருந்தாது.

---

பழைய தட்டச்சு எழுதியது:

தையற்காரக் காக்கா தெரியாது என்று சொல்லிக்கொண்டே சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். துணியைக் கையில் வாங்கும் முன்பே சொல்கிறார், கவனித்தீர்களா? அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் 20 வருடம் அலுவலகங்களில் இருந்தவள், அதில் கடைசிப் பாதி ஊழியர் பிரிவில். இப்படியான மெசேஜ்களை அச்செடுத்து மேசையில் வைத்து இரண்டு பக்கத்தையும் உட்கார வைப்பதுதான் என் வேலை. தம்பியின் மெசேஜை வரி வரியாகப் பார்ப்போம். ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி கேட்கிறேன்: இதைப் படித்த ஆளால் ‘ஓம்’, ‘இல்லை’, ‘வேறு மாதிரிச் செய்வோம்’ என்று ஏதாவது பதில் சொல்ல முடியுமா?

“எப்பவும் கொழும்புக்கு நல்ல பிள்ளையாக இருக்கத்தான் பார்க்கிறீர்கள்.” இது அவருடைய மனதுக்குள் என்ன இருக்கிறது என்று நீங்கள் சொல்லும் தீர்ப்பு. நீங்கள் பார்த்தது அவர் திகதியை மாற்றியதை மட்டும்தான், ஏன் மாற்றினார் என்பதைப் பார்க்கவில்லை. ‘எப்பவும்’ என்ற சொல் வேறு. அவர் கொழும்போடு வாதாடி உங்களுக்கு எதையாவது எடுத்துத் தந்த ஒரு நாள் இருந்தால் போதும், அந்த ஒரு நாளைக் காட்டி உங்கள் முழு மெசேஜையும் பொய்யாக்கிவிடுவார். பேச்சு அங்கேயே திசை மாறிவிடும்.

“ஏசி அறை.” அவரிடம் ஏசி இருப்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் அவர் ஏசியை நிறுத்தினால் உங்கள் 240 வீடும் முடிந்துவிடுமா? உண்மை என்பதாலேயே ஒரு வரி அந்த இடத்துக்கு உரியதாகிவிடாது.

“நாங்கள் மெசின் இல்லை.” இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. “ஓம், நீங்கள் மெசின் இல்லை” என்பாரா?

“வேறு ஆளைப் பாருங்கள்.” வேலையை விடத் தயாராக இருந்தீர்களா? இல்லை என்றே நினைக்கிறேன். செய்யப் போகாத ஒன்றைச் சொன்னால் அது மிரட்டல், அதுவும் வெறும் மிரட்டல்.

மிச்சம் ஒரே வரி: “21க்கு அறிக்கை வராது.” இதுதான் நீங்கள் சொல்ல வந்தது. நாலு கல்லுக்கு நடுவில் ஒரு நெல்லைப் போட்டால் சோறு எப்படி வரும்? இந்த ஒரு வரியை எடுத்து விரித்திருந்தால் அதுதான் ‘அசேர்ட்டிவ்’, தன்னுறுதியான பேச்சு. மேலாளருக்குப் பிடித்ததா இல்லையா என்பது அளவுகோல் இல்லை. “21க்கு வராது” என்பது அவருக்கு எப்படியும் பிடிக்காது. ஆனாலும் அதற்கு அவரால் பதில் சொல்ல முடியும்.

நெல்மணிக்கு ஒரு சொல். ‘நான் உணர்கிறேன்’ என்ற மூடியைப் போட்டாலும் பானைக்குள் இருப்பது அதேதான். “நீங்கள் யோசிப்பதில்லை என்று நான் உணர்கிறேன்” என்றால், சொல்வது அவரைப் பற்றித்தானே? இன்னொன்று, நம் ஊரில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? “எனக்கு இது கஷ்டமாக இருக்கு” என்போம். ‘நான்’ என்பதை விட ‘எனக்கு’ என்பது நம் வாயில் இயல்பாக வரும். திகதிப் பேச்சில் அந்தக் கஷ்டம் கூட இரண்டாவதுதான். கணக்குத்தான் முதலில்.

---

நெல்மணி எழுதியது:

நான் சொன்னது முழுப் பிழை என்று ஏற்க மாட்டேன் அக்கா. ‘நான்’ என்று சொல்லச் சொல்வது இந்தப் பயிற்சி தொடங்கிய காலத்திலேயே இருந்த விடயம்.

---

பழைய தட்டச்சு எழுதியது:

உண்மை, அதில் உங்களுக்குப் பாதிப் புள்ளி. 1949-இல் அமெரிக்காவில் ஆண்ட்ரூ சோல்ட்டர் என்ற உளவியலாளர் தன்னிடம் வருகிறவர்களுக்கு ‘நான்’ என்ற சொல்லை வேண்டுமென்றே பயன்படுத்தப் பழக்கினார். பிறகு ஜோசப் வோல்ப்பே 1958-இல் பதட்டத்துக்கான சிகிச்சையில் இதைச் சேர்த்தார். ஆனால் அவர்களிடம் வந்தவர்கள் யார் என்று பாருங்கள். எதற்கும் தலையாட்டிவிட்டு உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தவர்கள்தான் பெரும்பாலும். கத்துகிறவனை அடக்குவதற்காக அல்ல, வாய் திறக்காதவனைத் திறக்க வைப்பதற்காகத் தொடங்கிய பயிற்சி இது. அதனால்தான் ‘நான்’ தேவைப்பட்டது.

அங்கிருந்து பார்த்தால் தம்பியின் பிழை வெள்ளி இரவில் நடக்கவில்லை. செவ்வாய் மாலை நடந்தது. “பார்க்கிறம் சேர்.”

இந்தச் சொல்லைப் போல ஒரு மோசமான சொல் அலுவலகத்தில் கிடையாது. சொல்கிறவனுக்கு அது ‘முடியாது, ஆனால் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டேன்’. கேட்கிறவனுக்கு அது ‘சரி’. மேலாளர் உங்கள் ‘பார்க்கிறம்’ஐ எடுத்துக்கொண்டு கொழும்புக்கு ‘ஓம்’ என்று சொல்லியிருப்பார். மூன்று நாள் நீங்கள் உள்ளுக்குள் புழுங்கினீர்கள், மழை வேறு பெய்தது, வெள்ளி இரவு வெடித்தது. அவர் பக்கத்தில் இருந்து பார்த்தால், செவ்வாய் ஒத்துக்கொண்ட ஆள் வெள்ளிக்கிழமை திடீரென்று எல்லார் முன்னாலும் அடிக்கிறான். நான் பார்த்த சண்டைகளில் பெரும்பாலானவை இப்படித்தான். முதலில் பணிவு, பிறகு பாய்ச்சல். நடுவில் இருக்க வேண்டிய ஒரு வாக்கியம் மட்டும் காணாமல் போயிருக்கும்.

---

கல்லடிப் பாலத்து மீன் எழுதியது:

அக்கா, இதெல்லாம் படித்தவர்கள் பேச்சு. கத்தினால்தான் வேலை நடக்கும். நான் கட்டட வேலை மேற்பார்வை. சீமெந்து லொறி இரண்டு நாள் பிந்தியது. மூன்று முறை மரியாதையாகக் கேட்டேன், அசையவில்லை. நாலாவது முறை போனில் கிழித்தேன். ஒரு மணித்தியாலத்தில் லொறி வந்தது.

---

பழைய தட்டச்சு எழுதியது:

வரும். வராது என்று நான் சொல்லவே இல்லை. அடுத்த முறை லொறி பிந்தப் போவது தெரிந்தால் அவர் உங்களுக்கு முன்கூட்டியே சொல்வாரா, போனை அணைத்து வைப்பாரா? அதை மட்டும் பாருங்கள். அப்புறம், அந்த மூன்று முறை மரியாதையாக என்ன கேட்டீர்கள்? “தம்பி, கொஞ்சம் கெதியா அனுப்புங்க” என்றா, “நாளை 10 மணிக்குள் வராவிட்டால் மற்ற இடத்தில் எடுக்கிறேன்” என்றா?

---

கல்லடிப் பாலத்து மீன் எழுதியது:

“கொஞ்சம் கெதியா”தான். சரி, சரி.

ஆனாலும் கிழித்தது சுகமாக இருந்தது.

---

நானும் ஒரு சேர் எழுதியது:

மறுபக்கத்தில் இருந்து ஒருவன் பேசட்டும். அம்பாறை மாவட்டத்தில் இதே மாதிரி ஒரு திட்டத்தை நடத்துகிறேன், என் தலைக்கு மேலும் கொழும்பு இருக்கிறது. திகதியை நான் மாற்றுவதில்லை, மாற்றிய திகதி என் கைக்கு வருகிறது. அப்போது களத்தில் இருந்து எனக்குத் தேவைப்படுவது ஒன்றுதான்: நான் அப்படியே வெட்டி ஒட்டி மேலே அனுப்பக்கூடிய ஒரு பந்தி. ‘நாங்கள் மெசின் இல்லை’ என்பதை நான் டோனருக்கு அனுப்ப முடியாது. ‘இத்தனை வீடு முடிந்தது, மிச்சம் இத்தனை, ஒரு நாளைக்கு இத்தனை’ என்பதை அனுப்பலாம். அதை வைத்து உங்களுக்காக நான் வாதாடலாம்.

குரூப்பில் எழுதியது பெரிய பிழை. அதே வரிகளைத் தனியாக எனக்கு அனுப்பியிருந்தால் ஒரு நாள் கோபப்பட்டிருப்பேன். என் மேலதிகாரி பார்க்க எழுதினால், உங்கள் கணக்குச் சரியா என்று யோசிக்கும் நிலையில் நான் இருக்க மாட்டேன். என் முகத்தைக் காப்பாற்றுவதில்தான் இருப்பேன். நல்ல குணமில்லைதான், ஆனால் அப்படித்தான் நடக்கும்.

---

வாவிக்கரையான் எழுதியது:

வலிக்கிறது, ஆனால் சரி. கணக்கைப் போடுகிறேன், பாருங்கள்.

ஒரு ஆள் ஒரு நாளைக்கு 8 வீடு. மூன்று பேர், 24. அப்படியென்றால் 240 வீட்டுக்குப் பத்து வேலை நாள், அதாவது 10 முதல் 21 வரை களத்திலேயே போய்விடும். அதற்குப் பிறகு விபரங்களைச் சரிபார்த்து எழுத நாலு நாள். 28 என்ற திகதியில் ஒரே ஒரு நாள்தான் கைவசம் மிச்சம் இருந்தது, அதையும் வியாழன் மழை தின்றுவிட்டது. வெள்ளி மாலை 96 வீடு முடிந்திருக்கிறது.

இன்று ஞாயிறு. நாளை 9 மணிக்கு என்ன சொல்வது?

---

பழைய தட்டச்சு எழுதியது:

இந்தக் கணக்கைச் செவ்வாய் மாலை வாயால் சொல்லியிருந்தால் மூன்று வரி போதும்: “சேர், களவேலை மட்டும் 21 வரை போகும். 21க்கே அறிக்கை வேணுமெண்டால் பாதி வீட்டோட ஒண்டு தரலாம், முழுசும் எண்டால் 28. எது வேணும் எண்டு கேட்டுச் சொல்லுறீங்களா?” மீட்டிங்கில் அவ்வளவு உடனே வாய் வரவில்லை என்றால், “இப்ப ஓம் எண்டு சொல்ல ஏலாது சேர், கணக்குப் பார்த்து நாளைக்குப் பத்து மணிக்குச் சொல்லுறன்.” இதுவும் நல்ல பதிலே. ‘பார்க்கிறம்’ போலத்தான் இருக்கிறது, ஆனால் ‘இது ஓம் அல்ல’ என்பதும் ஒரு நேரமும் இதில் இருக்கிறது.

வெள்ளி இரவு எழுதியிருக்க வேண்டியது, தனியாக, குரூப்பில் அல்ல:

“சேர், 21 பற்றியது. செவ்வாய் ‘பார்க்கிறம்’ என்று சொல்லிவிட்டேன், அன்றே கணக்கைச் சொல்லியிருக்க வேண்டும். இன்று வரை 96 வீடு முடிந்தது, மிச்சம் 144. மூன்று பேரோடு 24ஆம் திகதி களவேலை முடியும், அதன் பிறகு சரிபார்த்து எழுத நாலு நாள். அதனால் முழு அறிக்கை 28க்குத்தான் வரும். 21க்கு 120 வீட்டை வைத்து ஓர் இடைக்கால அறிக்கை தரலாம். முழுதும் முன்னதாகவே வேண்டுமென்றால், திங்கள் முதல் இன்னும் இரண்டு பேர் தந்தால் 26க்கு முடிக்கலாம். எது என்று திங்கள் காலை சொன்னால் அதற்கேற்ப ஆட்களை அனுப்புவேன்.”

இதில் ‘தயவுசெய்து’ கூட இல்லை. கெஞ்சலும் இல்லை. 21க்கு முழு அறிக்கை வராது என்பதில் ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்கவும் இல்லை. ஆனால் முடிவு அவர் கையில் இருக்கிறது. அக்ரெசிவ் வரி முடிவைப் பறித்துக்கொள்ளும்; பணிந்து போகிற வரி முடிவோடு சேர்த்து உண்மையையும் கொடுத்துவிடும்.

நாளைக்கு இதையே சொல்லுங்கள். குரூப்பில் எழுதியதற்கு மன்னிப்புக் கேளுங்கள், அதற்கு மட்டும்.

---

கச்சேரிப் பக்கத்துப் பெண் எழுதியது:

எல்லாம் சரி அக்கா. ஆனால் நீங்கள் எழுதிய அதே வரிகளை ஒரு பெண் சொன்னால்? நான் ஒரு அரச அலுவலகத்தில் இருக்கிறேன். “இந்தக் கோப்புக்கு மூன்று நாள் வேண்டும், நாளைக்கு முடியாது” என்று மெல்லிய குரலில், கணக்கோடுதான் சொன்னேன். பின்னால் ‘வாய்க்காரி’ என்று பெயர். பக்கத்து மேசை ஆண் அதையே சொன்னால் ‘நேர்மையான ஆள்’. வாக்கியம் ஒன்றுதான், கேட்கிற காதுதான் வேறு.

---

பழைய தட்டச்சு எழுதியது:

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை தங்கச்சி. எனக்கும் அந்தப் பெயர் இருந்தது. நான் செய்தது, சொன்னதை அன்றே இரண்டு வரியில் எழுதி அனுப்பி வைத்தது. “இன்று பேசியபடி, கோப்பு வியாழன் மாலை தயார்.” குரலைப் பற்றிக் கதை கட்டலாம், எழுத்தில் அது கடினம். பெயர் போகவில்லை. ஆனால் திகதி நின்றது.

---

கச்சேரிப் பக்கத்துப் பெண் எழுதியது:

எழுதி அனுப்பினால் ‘ஆதாரம் சேர்க்கிறாள்’ என்பார்கள். பரவாயில்லை, முயன்று பார்க்கிறேன்.

---

வாவிக்கரையான் எழுதியது:

திங்கள் மாலை. சொதப்பிவிட்டேன்.

உள்ளே போனதும் அவர் முகத்தைப் பார்த்தேன், எல்லாம் மறந்துவிட்டது. “சொறி சேர், எல்லாம் என்ர பிழை” என்றேன். அவர் உடனே இளகிவிட்டார். தேத்தண்ணி கூடச் சொன்னார். பிறகு, “சரி விடும், அப்ப 21க்கு முடிச்சுத் தாரும்” என்றார். நான் “ஓம் சேர்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

---

நெல்மணி எழுதியது:

தம்பி!

---

பழைய தட்டச்சு எழுதியது:

சிரிக்காதீர்கள், இது எல்லாருக்கும் நடப்பது. பாய்ந்தவனுக்கு வெட்கம் வரும், வெட்கத்தில் மறுபடி பணிந்து போவான், பணிந்ததால் மறுபடி புழுங்குவான். இப்போது விட்டால் வெள்ளிக்கிழமை இன்னொரு மெசேஜ் வரும்.

மன்னிப்பு இரண்டு துண்டு. எழுதிய விதத்துக்கும் இடத்துக்கும் ஒன்று, அது நியாயம், கேட்டுவிட்டீர்கள். கணக்குக்கு மன்னிப்புக் கிடையாது, கணக்கு யாரையும் அவமதிக்கவில்லை. ‘எல்லாம்’ என்ற சொல்லில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டீர்கள். இன்றைக்கே, நாளைக்கு என்று தள்ளாமல், திரும்பிப் போய்ப் பிரித்துச் சொல்லுங்கள்: “சேர், காலையில மன்னிப்புக் கேட்டது குரூப்பில எழுதினதுக்கு. அது பிழைதான். ஆனா 21க்கு ‘ஓம்’ எண்டு சொன்னதும் பிழை, அது ஏலாத காரியம்.” பிறகு கணக்கு.

அவர் தள்ளுவார். தள்ளும்போது புதுக் காரணம் தேடாதீர்கள். ‘பொடியனுக்குக் காய்ச்சல்’, ‘மோட்டார் சைக்கிள் பழுது’ என்று ஒவ்வொன்றாகச் சொன்னால் ஒவ்வொன்றுக்கும் அவரிடம் மருந்து இருக்கும். அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, அதே வரியை அதே குரலில் திரும்பச் சொல்லுங்கள். இரண்டு முறை, மிஞ்சினால் மூன்று. நாலாவது முறை சொன்னால் அதுவும் ஒரு வகைச் சண்டைதான். அதற்குப் பிறகும் “21தான்” என்றால், அது அவர் எடுத்த முடிவு. “சரி சேர், அப்ப 21க்கு வாறது 120 வீட்டு அறிக்கையாத்தான் இருக்கும்” என்று சொல்லி, அதை எழுதியும் அனுப்பிவிடுங்கள்.

---

நானும் ஒரு சேர் எழுதியது:

ஒன்று சேர்க்கிறேன். திரும்பிப் போகும்போது கையில் ஒரு தாள் கொண்டு போங்கள், 96, 144, 24 என்று எண்கள் மட்டும். தாளைப் பார்த்துப் பேசினால் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. மேசையில் நடுவில் வையுங்கள், அவர் பக்கம் நீட்டாதீர்கள்.

---

வாவிக்கரையான் எழுதியது:

செவ்வாய் காலை போனேன், தாளோடு. நேற்றோடு 120 வீடு. அந்த இரண்டு துண்டு வசனத்தை மோட்டார் சைக்கிளில் வரும்போதே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவர்: “அது எனக்கும் விளங்குது. ஆனா டோனருக்கு நான் வாக்குக் குடுத்திட்டன்.”

நான்: “விளங்குது சேர், நான் ‘பார்க்கிறம்’ எண்டதாலதானே குடுத்தீங்க. 21க்குத் தரக்கூடியது 120 வீடு.”

அவர்: “ராவு பகலா நிண்டு செய்தால்?”

நான்: “ராவில வீடுகளுக்குப் போக ஏலாது சேர். குருமண்வெளியில பாதைப் படகும் ஓடாது. 21க்குத் தரக்கூடியது 120 வீடு.”

இரண்டாவது முறை சொல்லும்போது குரல் கொஞ்சம் நடுங்கியது, ஆனால் உயரவில்லை. அவர் தாளை எடுத்துப் படம் பிடித்தார். “இன்னும் ரெண்டு பேர் எண்டால் 26 எண்டு போட்டிருக்கீர், ஆனா ஒரு நாள் போயிட்டே?” என்று கேட்டார். ஓம், இனி நாளை முதல் வந்தால் 27 என்றேன். கோபம் இருந்தது, ஆனால் கேள்வி கணக்கைப் பற்றி இருந்தது. கடைசியில், “கொழும்போட கதைச்சுப் பார்க்கிறன்” என்றார்.

குரூப்பில் எழுதியதை அவர் மறக்கவில்லை. போகும்போது, “அடுத்த முறை எனக்குத் தனிய எழுதும்” என்றார். வருட இறுதி மதிப்பீட்டில் அது வருமா என்று தெரியவில்லை.

---

கல்லடிப் பாலத்து மீன் எழுதியது:

கிழித்திருந்தால் இந்நேரம் முடிவு தெரிந்திருக்கும்.

---

அக்கரைப்பற்றுத் தையற்காரன் எழுதியது:

தம்பி, அவர் ‘பார்க்கிறன்’ என்றாரா? எத்தனை மணிக்குச் சொல்வார் என்று கேட்டீரா?

---

வாவிக்கரையான் எழுதியது:

இல்லை காக்கா. இப்போது போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்.